முழு மதிப்பெண்ணா, இரண்டு குறைவா? ஒரு முக்கோண நிறுவலின் ஆறாவது வரி

பட்டர்வொர்த் டீச்சர்

வணக்கம். பட்டர்வொர்த்தில் மாலை நேர டியூஷன் வகுப்பு நடத்துகிறேன். ஓ.எம்.கே. என்ற தேசியக் கணித ஒலிம்பியாட் போட்டிக்குத் தயாராகும் சில மாணவர்களுக்குச் சென்ற வாரம் ஒரு கணக்கைக் கொடுத்தேன். முக்கோணம் ABC-யில் D என்பது BC-யின் நடுப்புள்ளி; AD என்ற கோடு ∠A-ஐ இரண்டு சம பாகங்களாகப் பிரிக்கிறது; அப்படியானால் AB = AC என்று நிறுவ வேண்டும். ஒரு மாணவி எழுதியதை அப்படியே தருகிறேன்.

1. ∠BAD = ∠CAD (தரப்பட்டது).
2. BD = DC (தரப்பட்டது).
3. D-இலிருந்து AB-க்கு DE, AC-க்கு DF என்ற செங்குத்துகளை வரைக.
4. முக்கோணங்கள் ADE, ADF ஆகியவற்றில் இரண்டு கோணங்கள் சமம், AD பொது. ஆகவே சர்வசமம். எனவே DE = DF, AE = AF.
5. முக்கோணங்கள் BDE, CDF ஆகியவை செங்கோண முக்கோணங்கள்; கர்ணங்கள் BD, DC சமம்; DE = DF. ஆகவே சர்வசமம். எனவே BE = CF.
6. AB = AE + EB = AF + FC = AC.

நான் ஐந்துக்கு ஐந்து கொடுத்தேன். என்னோடு சேர்ந்து கற்பிக்கும் ஆசிரியர் அதே தாளைப் பார்த்து, ஆறாவது வரிக்கு அருகே "படத்தை நம்பியிருக்கிறாய்" என்று எழுதி இரண்டு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். மாணவி என்னிடம் வந்து, எந்த இடத்தில் தவறு என்று கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நிறுவலில் ஓட்டை இருக்கிறதா, இருந்தால் எங்கே என்று யாரேனும் பொறுமையாகப் பார்த்துச் சொல்ல முடியுமா?

நேர்கோடு

டீச்சர், தவறு ஆறாவது வரியில் இல்லை, முதல் இரண்டு வரிகளிலேயே இருக்கிறது என்பது என் கருத்து. உச்சிக் கோணத்தை இருசமமாக வெட்டும் கோடே எதிர்ப்பக்கத்தின் நடுப்புள்ளி வழியாகவும் செல்வது இருசமபக்க முக்கோணத்தின் பண்பு. அந்தப் பண்பை எடுத்துக்கொண்டு முக்கோணம் இருசமபக்கமானது என்று முடிப்பது, நிறுவ வேண்டியதையே முன்கூட்டி எடுத்துக்கொள்ளும் சுழல்வாதம். இதற்கு இரண்டு மதிப்பெண் குறைத்தது போதாது.

கொம்தார் நிழல்

நேர்கோடு அவர்களே, கணக்கை இன்னொரு முறை படியுங்கள். அந்த இரண்டும் மாணவி எடுத்துக்கொண்டவை அல்ல. கணக்கே அவளிடம் கொடுத்தவை. "இருசமபக்கமானால் கோண வெட்டி நடுப்புள்ளி வழியே செல்லும்" என்பது ஒரு கூற்று. "கோண வெட்டி நடுப்புள்ளி வழியே சென்றால் முக்கோணம் இருசமபக்கமானது" என்பது அதன் மறுதலை. முதல் கூற்றைக் காரணமாகக் காட்டினால்தான் சுழல்வாதம். இந்தத் தாளில் அது எங்கும் வரவில்லை.

ஆறாவது வரியைக் குறிப்பிட்ட ஆசிரியர் சொன்னது சரி. ஆனால் என்ன குறை என்று எழுதாமல் விட்டது சரியல்ல. AB = AE + EB என்று எழுதும்போது E என்ற புள்ளி A-க்கும் B-க்கும் நடுவில் விழுகிறது என்று மாணவி எடுத்துக்கொள்கிறாள். அதை எந்த வரியும் சொல்லவில்லை, படம் மட்டுமே சொல்கிறது. ∠B விரிகோணமாக இருந்தால் D-இலிருந்து AB-க்கு இறக்கும் செங்குத்து, B-ஐத் தாண்டி நீட்டிய கோட்டின் மீதுதான் விழும். அப்போது AB = AE − EB ஆகிவிடும். ∠C கூர்ங்கோணமாகவே இருப்பதால் மறுபக்கத்தில் AC = AF + FC என்பது மாறாது. AE = AF, EB = FC என்பதை வைத்துக்கொண்டு கழித்துப் பாருங்கள்: AC − AB = 2·EB என்று வருகிறது. அதாவது முதல் ஐந்து வரிகளில் கிடைத்த நீளங்கள் மட்டும் நம் கையில் இருந்தால், AB-யும் AC-யும் சமமில்லாமல் இருப்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

பாயான் லெப்பாஸ் பொறியாளர்

ஐயா சொல்வது கோட்பாட்டளவில் சரியாக இருக்கலாம். ஆனால் நான் இன்று மதிய உணவு நேரத்தில் ஜியோஜீப்ராவில் இந்தப் படத்தை வரைந்து, புள்ளிகளை இழுத்து இழுத்துப் பார்த்தேன். ஏறக்குறைய ஐம்பது வடிவங்களில் ஒன்றில்கூட E வெளியே போகவில்லை. ஒருபோதும் நிகழாத ஒன்றை மாணவி எழுதவில்லை என்பதற்காக மதிப்பெண்ணைக் குறைப்பது நியாயமாகத் தோன்றவில்லை. எங்கள் தொழிற்சாலையில் ஒரு பாகத்தை ஐம்பது முறை அளந்து ஐம்பது முறையும் சரியாக வந்தால், அதை ஏற்றுக்கொள்வோம்.

கொம்தார் நிழல்

அந்தப் படத்தை எப்படி வரைந்தீர்கள் என்று கேட்க வேண்டும். D நடுப்புள்ளியாகவும் இருக்க வேண்டும், AD கோணத்தை இருசமமாகவும் வெட்ட வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகளையும் வைத்தால், மென்பொருள் A-ஐ ஒரே ஒரு கோட்டின் மீது மட்டுமே நகர விட்டிருக்கும். அது BC-யின் மையக்குத்துக்கோடு.

பாயான் லெப்பாஸ் பொறியாளர்

உண்மைதான். முதலில் A-ஐச் சுதந்திரமாக இழுத்தபோது இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்து நிற்கவில்லை. அதனால் A-ஐ மையக்குத்துக்கோட்டோடு கட்டிவிட்டுத்தான் இழுத்தேன்.

கொம்தார் நிழல்

அப்படியென்றால் நீங்கள் வரைந்த ஐம்பது முக்கோணங்களும் ஏற்கெனவே இருசமபக்க முக்கோணங்கள். இருசமபக்க முக்கோணத்தில் அடிக்கோணங்கள் இரண்டும் கூர்ங்கோணங்கள், ஆகவே E வெளியே போக வழியே இல்லை. நிறுவ வேண்டிய முடிவு உங்கள் படத்துக்குள் முதலிலேயே புகுந்துவிட்டது. நேர்கோடு தேடிய சுழல்வாதம் தாளில் இல்லை, படத்தில்தான் இருக்கிறது. இந்தக் கூற்று உண்மை என்பதில் யாருக்கும் ஐயமில்லை. உண்மையான கூற்றுக்கு எத்தனை சரியான படங்களை வரைந்தாலும் அவை கூற்றைத்தான் உறுதிப்படுத்தும். எழுதிய நிறுவல் அந்த முடிவுக்கு உரிய வழியில் போய்ச் சேர்ந்ததா என்பதைச் சொல்லாது.

E வெளியே போவதைப் பார்க்க வேண்டுமானால் ஒரு நிபந்தனையைத் தளர்த்துங்கள். நடுப்புள்ளி என்பதை விட்டுவிட்டு, கோண வெட்டி BC-ஐ எங்கு சந்திக்கிறதோ அங்கே D-ஐ வையுங்கள். AB = 3, AC = 6, BC = 4 என்று எடுத்துக்கொண்டால் ∠B ஏறத்தாழ 117°. அந்த முக்கோணத்தில் AE ஏறத்தாழ 3.61. AB-யின் நீளமே 3 தான் என்பதால் E என்பது B-ஐத் தாண்டி 0.61 தொலைவில் நிற்கிறது. இரண்டாவது வரி நடுப்புள்ளியைக் குறித்து வைக்கிறது, ஆனால் ஒன்று, மூன்று, நான்கு ஆகிய வரிகள் எதிலும் மாணவி அதைப் பயன்படுத்தவில்லை. ஆகவே அவை இந்த முக்கோணத்துக்கும் அப்படியே பொருந்துகின்றன. E உள்ளே விழும் என்ற உறுதி அந்த மூன்று வரிகளிலிருந்து வந்திருக்க முடியாது என்பதற்கு இதுவே சான்று.

செந்தூல் அப்பா

நான் கணித ஆசிரியர் அல்ல. கோலாலம்பூரில் கணக்காளராக வேலை செய்கிறேன். இந்த விவாதத்தைப் படித்ததும் என் மகன் சென்ற மாதம் செய்த குறும்பு நினைவுக்கு வந்தது. எல்லா முக்கோணங்களும் இருசமபக்க முக்கோணங்களே என்று ஒரு தாளில் நிறுவிக் காட்டினான். ∠A-யின் இருசமவெட்டியும் BC-யின் மையக்குத்துக்கோடும் சந்திக்கும் புள்ளிக்கு O என்று பெயரிட்டு, O-விலிருந்து AB-க்கும் AC-க்கும் OE, OF என்ற செங்குத்துகளை இறக்கினான். பிறகு மாணவி எழுதியது போலவே AE = AF, EB = FC, ஆகவே AB = AC என்று முடித்தான். இரண்டு நாள்கள் முயன்றும் என்னால் தவறைக் கண்டுபிடிக்க முடியவில்லை. நம் மாணவியின் நிறுவலும் அதே வடிவத்தில்தான் இருக்கிறது. ஆகவே இந்தக் கணக்கின் கூற்றும் பொய்தானோ?

கொம்தார் நிழல்

கூற்று பொய்யல்ல, ஐயா. ஆனால் நீங்கள் கொண்டுவந்த எடுத்துக்காட்டைவிடப் பொருத்தமான ஒன்றை நான் தேடினாலும் கிடைத்திருக்காது. கணித விளையாட்டாக ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சுற்றிவரும் புதிர் அது. அதை எண்களால் உடைத்துவிடலாம், கணக்காளராகிய உங்களுக்கு அதுவே எளிது.

AB = 6, AC = 4, BC = 5 என்ற முக்கோணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். O என்ற அந்தப் புள்ளி முக்கோணத்துக்கு வெளியே, A, B, C மூன்றும் அமர்ந்திருக்கும் வட்டத்தின் மீது விழுகிறது. மகன் வரைந்த படத்தில் O உள்ளே இருந்திருக்கும், அது முதல் பொய். ஆனால் O-ஐ வெளியே வைத்து வரைந்தாலும், E, F இரண்டையும் உள்ளேயே வைத்தால் புதிர் அப்படியே நீடிக்கும். ஆகவே ஓட்டை உண்மையில் வேறிடத்தில் இருக்கிறது. கணக்கிட்டால் AE = AF = 5 என்றும், EB = FC = 1 என்றும் வருகின்றன. மகன் எழுதிய இரண்டு சமன்பாடுகளும் சரியே. ஆனால் AB-யின் நீளம் 6, ஆகவே E உள்ளே விழுகிறது: 6 = 5 + 1. AC-யின் நீளம் 4 தான், ஆகவே F என்பது C-ஐத் தாண்டிப் போய்விடுகிறது: 4 = 5 − 1. ஒரு பக்கம் கூட்டல், மறுபக்கம் கழித்தல். இரண்டு பக்கமும் கூட்டலாக எழுதிய அந்த ஒற்றை வரிதான் பொய்.

மாணவியின் ஆறாவது வரியும் எழுத்துக்கு எழுத்து அதே வரி. உங்கள் மகனிடம் அது பொய்யான முடிவைத் தருகிறது, மாணவியிடம் உண்மையான முடிவைத் தருகிறது. வரியை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடு காண முடியாது. அதனால்தான் அந்த ஆசிரியரின் பேனா அங்கே நின்றது.

செந்தூல் அப்பா

மிக்க நன்றி, ஐயா. 5 + 1, 5 − 1 என்று பார்த்தவுடன் விளங்கிவிட்டது. மகனிடம் இன்றிரவு காட்டுகிறேன். அவனுக்கு இது முன்பே தெரிந்திருக்கும் என்ற ஐயமும் எனக்கு இருக்கிறது.

பட்டர்வொர்த் டீச்சர்

ஐயா, இப்போது எனக்கு ஓட்டை தெரிகிறது, அடைப்பது எப்படி என்பதுதான் தெரியவில்லை. நீளங்கள் தடுக்கவில்லை என்றால் விரிகோண நிலையை வேறு எது தடுக்கிறது?

கொம்தார் நிழல்

கோணங்கள் தடுக்கின்றன, டீச்சர். ஐந்தாவது வரியில் BDE, CDF சர்வசமம் என்று காட்டிய மாணவி அதிலிருந்து நீளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கோணத்தை விட்டுவிட்டாள். ∠B விரிகோணம், E வெளியே என்று வைத்துக்கொள்வோம். அப்போது முக்கோணம் BDE-யில் B-இடத்திலுள்ள கோணம் 180° − ∠B. மறுபக்கத்தில் F உள்ளே இருப்பதால் C-இடத்திலுள்ள கோணம் ∠C தான். சர்வசமம் என்பதால் 180° − ∠B = ∠C, அதாவது ∠B + ∠C = 180°. முக்கோணத்தின் மூன்று கோணங்களுக்கும் சேர்த்தே 180° தான், ∠A-க்கு எதுவும் மிஞ்சவில்லை. ஆகவே அந்த நிலை நிகழாது. ∠C விரிகோணமானாலும் இதே வாதம் பொருந்தும். இரண்டு மூன்று வாக்கியங்களில் அடைந்துவிடும் ஓட்டைதான், ஆனால் அந்த வாக்கியங்கள் தாளில் இருந்தாக வேண்டும்.

நேர்கோடு

முதலில் நான் சொன்னது தவறு என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். நான்காவது வரியிலும் இதே வகைக் குறை இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லை. ADE, ADF இரண்டிலும் A-இடத்துக் கோணங்கள் சமம் என்கிறாள் மாணவி. அவளுக்குத் தரப்பட்டது ∠BAD = ∠CAD. ∠EAD என்பதும் ∠BAD என்பதும் ஒன்றாக இருக்க வேண்டுமானால் E என்பது A-இலிருந்து B இருக்கும் திசையில் இருக்க வேண்டும். A-க்குப் பின்னால் விழுந்தால் இரண்டும் வேறு கோணங்கள்.

கொம்தார் நிழல்

இது முற்றிலும் சரி, நான் கவனிக்காமல் விட்டது. ∠A எவ்வளவு பெரிதானாலும் 180°-க்குக் குறைவு, ஆகவே அதன் பாதியான ∠BAD எப்போதும் கூர்ங்கோணம், ஆகவே செங்குத்தின் அடி A-க்குப் பின்னால் விழாது. ஒரு வாக்கியம் போதும். இது ஆறாவது வரியைப் போலப் பெரிய குறை அல்ல. இங்கே கொடுக்கப்பட்ட செய்தியிலிருந்தே உடனடியாகக் காரணம் கிடைக்கிறது; அங்கே தனி வாதம் ஒன்று தேவைப்பட்டது.

புள்ளிகளின் முன்பின் வரிசையைச் சொல்லாமல் விடுவது பள்ளி மாணவர்களின் குறை மட்டுமல்ல. யூக்ளிடே "நடுவில்" என்பதற்குத் தனி விதி எதுவும் வைக்காமல் படத்தை நம்பித்தான் பல இடங்களில் எழுதினார். 1882-இல் பாஷ் என்ற ஜெர்மானியர் அதற்கு முறையான விதிகளை எழுதினார். 1899-இல் ஹில்பெர்ட் அவற்றைத் தம் அடிப்படை விதிகளில் ஒரு தனித் தொகுதியாகவே அமைத்தார்.

பட்டர்வொர்த் டீச்சர்

இதே கணக்குக்கு வகுப்பில் வந்த வேறு இரண்டு விடைகளையும் கேட்டுவிடுகிறேன். ஒருவன் செங்குத்து எதுவும் வரையாமல், ABD, ACD இரண்டிலும் AD பொது, BD = DC, A-இடத்துக் கோணங்கள் சமம், ஆகவே ப-ப-கோ விதிப்படி சர்வசமம் என்று மூன்றே வரியில் முடித்துவிட்டான். இன்னொருவன் "AD என்பது BC-க்குச் செங்குத்து, ஆகவே ∠ADB = ∠ADC = 90°, ஆகவே ப-கோ-ப விதிப்படி சர்வசமம்" என்று எழுதினான். செங்குத்து என்பதற்குக் காரணம் கேட்டபோது, உச்சிக் கோண வெட்டி அடிப்பக்கத்துக்குச் செங்குத்தாக இருக்கும் என்று பாடத்தில் படித்ததாகச் சொன்னான். இருவருக்கும் பூஜ்யம் கொடுத்தேன்.

கொம்தார் நிழல்

இரண்டாமவனை முதலில் பார்ப்போம், ஏனெனில் நேர்கோடு தேடிய சுழல்வாதம் கடைசியில் இங்கேதான் கிடைக்கிறது. அவன் படித்த பாடம் இருசமபக்க முக்கோணத்தைப் பற்றியது. அந்த நிபந்தனையை மறந்துவிட்டு முடிவை மட்டும் நினைவில் வைத்திருக்கிறான். சுழல்வாதம் பெரும்பாலும் இப்படித்தான் நுழைகிறது. "AB = AC என்று கொள்வோம்" என்று யாரும் வெளிப்படையாக எழுதுவதில்லை; AB = AC இருந்தால் மட்டுமே செல்லும் ஒரு விதியைக் காரணப் பகுதியில் வைத்துவிடுகிறார்கள்.

இதைக் கண்டுபிடிக்க நான் வகுப்பில் கையாண்ட முறை, பொறியாளருக்குச் சொன்னதன் தொடர்ச்சிதான். 6, 4, 5 முக்கோணத்தையே வைத்துக்கொள்ளுங்கள். கோண வெட்டியை மட்டும் வரைந்தால் அது BC-ஐ B-இலிருந்து 3, C-இலிருந்து 2 என்ற தொலைவில் வெட்டுகிறது. அங்கே ∠ADB ஏறத்தாழ 111°. அதை அழித்துவிட்டு நடுப்புள்ளியை மட்டும் A-உடன் இணைத்தால் அந்தக் கோணம் ஏறத்தாழ 117°. இரண்டு நிபந்தனைகளில் எந்த ஒன்றும் தனியாக 90°-ஐத் தரவில்லை. ஆகவே செங்குத்து என்று எழுதுபவன் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்திய வரியைக் காட்ட வேண்டும். அவன் காட்டிய காரணத்தில் நடுப்புள்ளி என்ற சொல்லே இல்லை.

மாணவியின் தாளையும் இதே சோதனைக்கு உட்படுத்தலாம். அதே முக்கோணத்தில் கோண வெட்டியை மட்டும் வைத்தால் AE, AF இரண்டும் 3.75 என்று சமமாக வருகின்றன. நான்காவது வரி நடுப்புள்ளியைப் பயன்படுத்தவில்லை, அது இல்லாமலும் நிற்கிறது. EB = 2.25, FC = 0.25 என்பதால் ஐந்தாவது வரி விழுந்துவிடுகிறது; அந்த வரியில்தான் மாணவி BD = DC என்பதைக் காரணமாக எழுதியிருக்கிறாள். எந்த வரியில் எந்த நிபந்தனை எழுதப்பட்டிருக்கிறதோ, அது நீங்கும்போது அந்த வரி விழுகிறது. கணக்கு ஒழுங்காக இருக்கிறது.

பாயான் லெப்பாஸ் பொறியாளர்

இந்தச் சோதனையில் தேறிய நிறுவல் சரியானது என்று கொள்ளலாமா?

கொம்தார் நிழல்

கொள்ள முடியாது. மாணவியின் தாளே அதற்குச் சான்று: இந்த முக்கோணத்தில் E, F இரண்டும் உள்ளேயே விழுவதால், ஆறாவது வரியின் குறையை அது காட்டவே இல்லை. அதற்கு 3, 6, 4 முக்கோணம் தேவைப்பட்டது. இச்சோதனை ஐயப்பட வேண்டிய வரியைச் சுட்டிக்காட்டும், அவ்வளவுதான்.

முதலாமவனுக்கு வருகிறேன். ப-ப-கோ என்று ஒரு சர்வசம விதி கிடையாது, ஆகவே அவன் எழுதியது பொய்யான விதி. ஆனால் அந்த நிலையில் உண்மையில் என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். இரண்டு பக்கங்களும் அவற்றுக்கு இடையில் இல்லாத ஒரு கோணமும் சமமானால், மற்றப் பக்கத்துக்கு எதிரேயுள்ள கோணங்கள் ஒன்றுக்கொன்று சமமாக இருக்கும், அல்லது இரண்டும் சேர்ந்து 180° ஆகும். இங்கே AD-க்கு எதிரேயுள்ள கோணங்கள் ∠B, ∠C. ஆகவே ∠B = ∠C, அல்லது ∠B + ∠C = 180°. இரண்டாவது நிலை முக்கோணத்துக்குள் நிகழாது. முதலாவது நிலைதான் மிஞ்சுகிறது, ஆகவே AB = AC.

மாணவியின் ஓட்டையை அடைத்த அதே வாக்கியம் இவனுடைய ஓட்டையையும் அடைத்துவிட்டதைக் கவனித்திருப்பீர்கள். செங்குத்து வரைவது வேறு வழி போலத் தோன்றினாலும், ப-ப-கோ நிலையின் இரட்டை வாய்ப்பு அதற்குள்ளும் ஒளிந்திருந்தது.

பட்டர்வொர்த் டீச்சர்

அப்படியானால் அவனுக்குப் பூஜ்யம் கொடுத்தது தவறா?

நேர்கோடு

தவறில்லை என்பேன். இல்லாத விதியைச் சொன்னவனுக்கு எதற்கு மதிப்பெண்? மற்றவர் வந்து காப்பாற்றக்கூடிய நிறுவலும் நிறுவலும் ஒன்றல்ல.

கொம்தார் நிழல்

நான் ஒரு மதிப்பெண் கொடுத்திருப்பேன். பொருத்தமான இரண்டு முக்கோணங்களையும் மூன்று சமன்களையும் அவன் சரியாக எடுத்திருக்கிறான். ஆனால் என்னோடு பணியாற்றிய பலர் நேர்கோட்டின் பக்கம்தான் நின்றிருப்பார்கள்.

பாயான் லெப்பாஸ் பொறியாளர்

இத்தனை நிலைகளையும் ஆராயாமல் முடிக்க வழியே இல்லையா? D நடுப்புள்ளி என்பதால் ABD, ACD இரண்டுக்கும் பரப்பளவு சமம். AB-ஐயும் AC-ஐயும் அடிப்பக்கமாகக் கொண்டால் உயரங்கள் DE, DF, அவையும் சமம். ஆகவே AB = AC. E எங்கே விழுந்தாலும் உயரம் உயரம்தானே?

கொம்தார் நிழல்

மிக நன்று, நண்பரே. E வெளியே விழுந்தாலும் இந்த வாதம் அசையாது. AD-ஐ அதே அளவு G வரை நீட்டி, ABD-யும் GCD-யும் சர்வசமம் என்று காட்டும் வழியும் இருக்கிறது. அப்போது AB = CG; ∠CGD = ∠BAD = ∠CAD என்பதால் முக்கோணம் ACG-யில் CA = CG. அதிலும் செங்குத்தின் அடி என்ற பேச்சே எழுவதில்லை.

நேர்கோடு

இரண்டிலும் எனக்கு ஐயம் இருக்கிறது. நீட்டும் வழியில், சம கோணங்களுக்கு எதிரேயுள்ள பக்கங்கள் சமம் என்று சொல்வது மறுபடியும் இருசமபக்க முக்கோணம்தானே? பரப்பளவு வழியில், எந்தப் பக்கத்தை அடியாகக் கொண்டாலும் பரப்பு ஒன்றே என்பதை யார் நிறுவினார்கள்?

கொம்தார் நிழல்

முதல் ஐயத்துக்குப் பதில் எளிது. நாம் பயன்படுத்துவது கோணங்கள் சமமானால் பக்கங்கள் சமம் என்ற கூற்று. யூக்ளிடின் முதல் நூலில் அது 6ஆம் கூற்று. நம் கணக்கின் துணை இல்லாமலேயே அது அங்கே நிறுவப்பட்டுவிட்டது, ஆகவே சுழல் இல்லை. "இருசமபக்கம்" என்ற சொல் இரண்டு இடத்தில் வந்தால் மட்டும் அது சுழல்வாதம் ஆகிவிடாது; ஒன்று மற்றொன்றைச் சார்ந்திருக்க வேண்டும். உங்கள் பாடநூல் அந்த 6ஆம் கூற்றை நம் கணக்கின் வழியாக நிறுவியிருந்தால் மட்டுமே நீங்கள் சொல்வது பொருந்தும்.

இரண்டாவது ஐயம் நியாயமானது. பள்ளியில் பரப்பளவை எண்ணாகவே எடுத்துக்கொள்கிறோம், அங்கே நான் ஏற்றுக்கொள்வேன். அடிப்படை விதிகளிலிருந்து தொடங்குபவர் அதைத் தனியே நிறுவ வேண்டும். மாணவரின் தாளில் எதுவரை கேட்பது என்பதில் ஆசிரியர்கள் எல்லோரும் ஒத்துப்போவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நேர்கோடு

அப்படியானால் பரப்பளவு வழியை நான் ஏற்கவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஆறாவது வரி

வணக்கம். அந்தத் தாளை எழுதிய மாணவி நான்தான். டீச்சர் இந்த இழையைக் காட்டினார். என் ஆறாவது வரிக்கு முன்னால் இதைச் சேர்த்திருக்கிறேன்: "∠B விரிகோணமானால், 5-இன் சர்வசமத்தால் 180° − ∠B = ∠C. அப்போது ∠B + ∠C = 180°. இது இயலாது. ∠C விரிகோணமானாலும் அவ்வாறே. ஆகவே ∠B, ∠C கூர்ங்கோணங்கள். E, F முறையே AB, AC மீது உள்ளே விழுகின்றன." இதை எழுதிய பிறகு எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. விரிகோணமில்லை என்றால் கூர்ங்கோணம் என்று எழுதிவிட்டேன், ஆனால் ∠B சரியாக 90° ஆக இருக்கலாமே? அப்போது E என்பது B-யே ஆகிவிடும். BDE என்ற முக்கோணமே இருக்காது. ஐந்தாவது வரியை அங்கே பயன்படுத்த முடியாது. இதற்குத் தனியாக எழுத வேண்டுமா?

கொம்தார் நிழல்

எழுத வேண்டும், மகளே. நீ கேட்கும் வரை எனக்கும் அது தோன்றவில்லை. மேலே நான் அடைத்துக் காட்டியதாகச் சொன்ன இடத்தில் இந்த நிலை விடுபட்டிருக்கிறது. ∠B = 90° என்றால் DE என்பது DB-யே. ஆகவே DF = DE = DB = DC. ஆனால் DF என்பது D-இலிருந்து AC-க்கு இறக்கிய செங்குத்து. D-இலிருந்து அந்தக் கோட்டுக்கு உள்ள மிகக் குறைந்த தொலைவு அது. DC-யும் அதே நீளமானால் F என்பது C-யே ஆக வேண்டும். அப்போது ∠C-யும் 90° ஆகிவிடும்.

ஆறாவது வரி

மறுபடியும் ∠B + ∠C = 180°. சேர்த்துவிட்டேன், ஐயா. ∠C = 90° என்பதற்கும் "அவ்வாறே" என்று எழுதியிருக்கிறேன்; நாளை அந்த ஆசிரியரிடம் தாளைத் திரும்பக் கொடுக்கிறேன்.